வாசல் தாண்டிய பிறகே கணக்கு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் மகள் கரமனைக்கு வந்தாள். பேரூர்க்கடையில் வாடகை வீடு எடுத்து ஒரு வருடம் ஆகிறது. நான் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, அடுக்களை ஆணியில் தொங்கும் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு மாதம். தேதிக்கு எதிரே ஒரு பொருளின் பெயர், அதற்கு எதிரே அது போன இடம், பக்கத்தின் அடியில் நாலு எண்கள்.

"அத்தை, இது என்ன, பால் கணக்கா?"

"வீட்டை விட்டுப் போன சாமான்களின் கணக்கு, மக்களே. நாளுக்கு ஒன்று."

அவள் வீட்டிலும் இப்போதே கட்டிலுக்கு அடியில் இடமில்லையாம். எப்படிச் செய்வது என்று கேட்டாள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். இரண்டாவது டீயும் போட வேண்டி வந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாளுக்கு ஒரு பொருளை வெளியேற்றுவது நான் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரேலியாவில் கொலீன் மேட்சன் என்ற பெண்மணி 2010இல் வருடம் முழுக்க அப்படிச் செய்வது என்று இறங்கி, நாள்தோறும் எழுதியும் வந்தார். அமெரிக்காவில் இன்னொரு முறை பரவியது: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, முப்பதாம் நாள் முப்பது. கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு 465. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவருக்கு அது உதவும். எனக்குச் சரிப்படவில்லை. காரணம், ஒரே நாளில் முப்பது பொருளை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் முப்பது பொருளுக்கும் அன்றைக்கே ஆள் கிடைக்காது. ஆள் கிடைக்காதது எல்லாம் கடைசியில் குப்பைதான். நாளுக்கு ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் யாரிடம் போக வேண்டும் என்று யோசிக்க ஒரு நாள் இருக்கிறது.

முதலில் "ஒன்று" என்றால் என்ன என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி செருப்பு ஒன்று. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறு டம்ளர் ஒரே ஆளுக்குப் போனால்? டப்பா நிறைய மை காய்ந்த பேனா இருந்தால்? பேனாவை ஒவ்வொன்றாக எண்ணினால் ஒரே நாளில் இரண்டு மாத வேலை முடிந்த மாதிரி இருக்கும், வீட்டில் ஒரு டப்பா இடம்தான் காலியாகியிருக்கும். நான் வைத்துக்கொண்ட அளவு, ஒரு முடிவு என்றால் ஒரு பொருள். பேனா டப்பாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் யோசித்தேன், ஆகவே அது ஒன்று. ஆறு புடவையை ஒவ்வொன்றாக விரித்து, இதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஆறு தடவை யோசித்தால் அது ஆறு. வீட்டை நிரப்பி வைத்திருப்பது எடுக்காமல் விட்ட முடிவுகள்தான் என்பதால் அவற்றையே எண்ணுகிறேன்.

தினமும் ஒரே நேரம் வேண்டும். எனக்கு அது சாயங்கால டீக்குப் பிறகு, விளக்கேற்றுவதற்கு முன். வாரத்துக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டேன்: ஒரு வாரம் அடுக்களை மேல்தட்டு, ஒரு வாரம் பீரோவின் கீழ்த்தட்டு, ஒரு வாரம் பரணில் ஒரு பெட்டி. வீடு முழுக்கத் தேடினால் ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆகிவிடும். மனதுக்கு நெருக்கமான சாமான்களை முதல் மூன்று மாதம் தொடவே இல்லை. அடுக்களையில் தொடங்குவது நல்லது. மூடி தொலைந்த டப்பாவைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை.

இன்னொன்றும் அவளுக்கு அழுத்திச் சொன்னேன். என் சாமானை மட்டும்தான் நான் எடுக்கலாம். வீட்டுக்காரருடைய பழைய ரேடியோ எனக்கு இடைஞ்சல். அவருக்கு அது அவருடைய ரேடியோ. ஒரு தடவை கேட்கலாம், வேண்டாம் என்றால் ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. கேட்காமல் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு வீட்டில் எல்லோரும் தங்கள் சாமானை ஒளித்து வைக்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது போட்டோ. நான் தவறியதும் இதில்தான்.

தொடங்கியது ஒரு ஏப்ரல் மாதம். தினமும் ஒரு பொருளை எடுத்து, போட்டோ பிடித்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டேன். ஏப்ரல் முப்பது, மே முப்பத்தொன்று, ஆக 61 படம் போனில் சேர்ந்துவிட்டது. பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது. ஜூன் முதல் வாரம் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மழை ஒரு வாரம் ஓய்ந்தபோது, யாருக்காவது கொடுப்போம் என்று பெட்டியைத் திறந்தேன். 61இல் வெளியே போயிருந்தது 14தான். மீதி 47 மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தன. ஒன்பது துணியில் பூசணம் படர்ந்து கரும்புள்ளி விழுந்திருந்தது. துவைத்தும் போகவில்லை. பள்ளிக்கூடப் பையின் ஜிப் துருவேறி இறுகிப் போயிருந்தது. இரண்டு புத்தகத்தின் பைண்டிங்கைப் பூச்சி தின்றிருந்தது. ஏப்ரலில் ஒரு பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கக்கூடிய பை, ஜூனில் யாருக்கும் ஆகாத பொருளாகிவிட்டது. கொடுக்க எடுத்து வைத்த நானேதான் அதைக் குப்பையாக்கினேன்.

இந்த ஊரின் ஈரத்தை மறந்துவிட்டுச் செய்த வேலை அது. திருவனந்தபுரத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், ஜூனில் இடவப்பாதி, அக்டோபர் நவம்பரில் துலாவர்ஷம். நடுவிலும் கடற்காற்று ஈரம் சுமந்துதான் வருகிறது. மூடிய அட்டைப்பெட்டிக்குள் போட்ட பருத்தித் துணியோ தாளோ தோலோ ஒரு மழைக்காலம் தாங்காது.

அன்றைக்கு விதியை மாற்றினேன். பொருளை எடுக்கிற நாளில் நோட்டில் பென்சிலால் பெயர் மட்டும். கணக்குக்கான போட்டோ அது வாசலைத் தாண்டும்போதுதான். போன இடத்தை அப்போது பேனாவால் எழுதுவேன். மாதக் கடைசியில் பென்சிலாகவே நிற்கிற வரி எதுவோ, அது இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்டைப்பெட்டியையும் எடுத்துவிட்டு, வாசல் பெஞ்சின் மேல் திறந்த பிரம்புக் கூடை ஒன்றை வைத்தேன். ஏழெட்டுப் பொருள்தான் கொள்ளும். கூடை நிறைந்துவிட்டால் அதைக் காலி செய்யாமல் அடுத்த பொருளை எடுப்பதில்லை. அன்றைய ஐந்து நிமிடத்தில் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவேன். கண்ணெதிரே காற்றாடத் திறந்து கிடப்பதால் பூசணமும் பிடிப்பதில்லை.

"அப்போ, எடுக்கிற அன்னைக்கு போட்டோவே வேண்டாமா அத்தை?" என்று கேட்டாள். வேண்டும், ஆனால் அது வேறு வேலைக்கு. கொடுக்க நினைக்கிறவருக்கு அனுப்புவதற்கு. திண்ணையில் சிவப்புத் தளத்தில், பகல் வெளிச்சத்தில், பொருளை வைத்து ஒரு படம். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்தால் அளவு தெரியும். குறை எங்கே இருக்கிறதோ, உடைந்த கைப்பிடியோ தேய்ந்த ரப்பரோ, அதைக் கிட்டத்தில் இன்னொரு படம். வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது உங்களுக்கு உபயோகப்படுமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று எழுதுவேன். பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் போய் நின்றால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவர் வீட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். என் வீட்டு அடைசலை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். படம் அனுப்பிக் கேட்டால் மறுப்பது எளிது. பத்துப் பேரைக் கேட்டால் ஆறு பேர் வேண்டாம் என்கிறார்கள். மீதி நாலு பேருக்குக் கொடுத்தது உண்மையிலேயே பயன்படுகிறது.

வாசல் தாண்டும்போது எடுக்கும் படத்தில் பொருள் மட்டும் இருக்கும். வாங்கிக்கொள்கிறவரின் முகமோ கையோ அவர் வீட்டு வாசலோ ஒருபோதும் இருக்காது. ஒருவருக்கு ஒரு குக்கர் தேவைப்பட்டது என்பது என் போனில் கிடக்க வேண்டிய செய்தி அல்ல. நோட்டிலும் பெயர் எழுதுவதில்லை, "அடுத்த தெரு", "ஸ்கூல்", "பாலியேட்டிவ்" என்று இடம் மட்டும். போனில் தனி ஆல்பம் ஒன்று. படத்துக்குத் தேதியும் பொருளும் இடமும் பெயராக இருக்கும். நவம்பர் ஒன்பதாம் தேதிப் படத்தின் பெயர் இப்படி: `2024-11-09 வாக்கர் பாலியேட்டிவ்`. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் போன் தானாகவே அடுக்கிக் கொடுத்துவிடும். மாதக் கடைசியில் எண்ண இரண்டு நிமிடம் போதும்.

போட்டோவுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. அப்பாவின் சட்டை என்னிடம் இருந்தது. வெள்ளை, கையில் மை பட்ட கறையோடு. யாரும் போடப் போவதில்லை, ஆனாலும் பீரோவில் இருபது வருடமாக இருந்தது. அதைக் கொடுத்தால் அப்பாவையே கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பயம். இந்தப் பயத்தை அமெரிக்காவில் மூன்று பேராசிரியர்கள், கேரன் விண்டெரிச், ரெபெக்கா ரெசெக், ஜூலி இர்வின் என்பவர்கள், ஆராய்ந்து 2017இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழக விடுதிகளில், மாணவர்கள் காலி செய்து போகும் சமயத்தில், பழைய சாமானைக் கொடுங்கள் என்று கேட்டுச் சேகரித்தார்கள். சில விடுதிகளில் வழக்கமான அறிவிப்பு மட்டும். சிலவற்றில், மனதுக்கு நெருக்கமானதை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்ற அறிவிப்பு. முதல் வகை விடுதிகளில் 533 பொருள் வந்தது, இரண்டாவது வகையில் 613. மலை அளவு வித்தியாசம் அல்ல, ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் அதற்கு ஆன செலவு ஒரு வரி அறிவிப்புதான். பொருளோடு நினைவும் போய்விடும் என்ற பயத்தைப் போட்டோ தணிக்கிறது என்பது அவர்கள் கண்டது.

என் அனுபவமும் அப்படியே. ஆனால் முழுச் சட்டையின் படம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கறை இருந்த கைப்பகுதியைக் கிட்டத்தில் எடுத்த படம்தான் அப்பாவைக் கொண்டு வந்தது. எந்த இடத்தில் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த இடத்தை எடுக்க வேண்டும். படம் எடுத்த பிறகும் கை வரவில்லை என்றால் திரும்ப மடித்து வைத்துவிடலாம். அன்றைக்கு வேறொரு டப்பாவை எடுத்தால் போகிறது. அம்மாவின் வெண்கல உருளியை அப்படித்தான் மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் திரும்ப வைத்தேன். அது இன்னும் இருக்கிறது, ஓணத்துக்குப் பாயசம் வைக்கிறேன்.

இனி, மாதக் கடைசியில் வரும் நாலு எண்கள். இதைச் சொல்ல வேண்டுமானால் ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன் மகளுக்கு விளப்பில்சாலை என்ற பெயர் தெரியும், அங்கே நடந்தது தெரியாது.

2000ஆம் ஆண்டிலிருந்து இந்த நகரத்தின் குப்பையெல்லாம் ஊருக்கு வெளியே விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்குப் போனது. குப்பை மலையாகக் குவிந்தது, ஓடைத் தண்ணீர் கெட்டது, நாற்றம் தாங்காமல் அந்த ஊர் மக்கள் எழுந்தார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்து ஆலையைப் பூட்டியது. அடுத்த வருடம் போலீஸ் துணையோடு திறக்கப் பார்த்தும், பெண்களும் கிழவர்களும் ரோட்டில் உட்கார்ந்து விடவில்லை. மறுபடி திறக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் தலைநகரத்துக்குக் குப்பை போடுவதற்கு இடமே இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கு, தெருமுனையில் உரத் தொட்டி வை, மக்காததைக் கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கொடு என்று மாநகராட்சி முறையை மாற்றியது. இன்று வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் அந்த மாற்றத்தின் கைகள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் எடுத்துப் போகிறார்கள். துணி, செருப்பு, கண்ணாடி, மின்பொருள் போன்றவற்றுக்குத் தனித்தனிக் காலம் குறித்த காலண்டர் உண்டு.

ஆகவே இந்த ஊரில் "தூக்கிப் போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அது பாதிப் பேச்சுதான், யார் கைக்குப் போனது என்பது சொல்லப்படாமல் நிற்கிறது. யாராவது ஒரு பெண் குனிந்து அதை எடுத்து, பிரித்து, மூட்டை கட்டித் தூக்கியிருக்கிறாள். என் நோட்டில் நான் அதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் நாலு எண்கள்.

முதல் எண், இன்னொருவர் உபயோகிக்க வாங்கிக்கொண்டது. இது ஒன்றுதான் "கொடுத்தது". இரண்டாவது ஆக்ரி. காயலான் கடைக்கு இந்த ஊரில் அந்தப் பெயர்தான். அங்கே எடைக்குப் போட்டது, காசு வந்தது, ஆகவே கொடுத்ததாகாது. மூன்றாவது ஹரித கர்ம சேனைக்குப் போனது. நாலாவது, அந்த மாதம் வீட்டுக்குள் வந்தது.

2024 நவம்பர் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். முப்பது நாள், முப்பது பொருள் எடுத்தேன். கொடுத்தது 17, ஆக்ரி 6, சேனை 4, மாதக் கடைசியிலும் பென்சிலாகவே நின்றது 3. உள்ளே வந்தது 12. முப்பது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையான எண் 17.

அந்த 17இல் மூன்று புடவை, ஐந்து புத்தகம், நாலு பாத்திரம், ஒரு வாக்கர். மீதி நாலு: மேசை விளக்கு, குக்கர், பள்ளிப் பை, ஒரு சுவர்க் கடிகாரம். புத்தகம் கொடுப்பது எளிது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேரளத்தில் தெருவுக்குத் தெரு வாசகசாலை இருக்கிறது, பாளையத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் இருக்கிறது. ஆனால் நூலகங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற நூலின் இன்னொரு பிரதி வேண்டாம், பழைய பாடத்திட்டத்துக் கைடும் போட்டித் தேர்வுப் புத்தகமும் கட்டாயம் வேண்டாம். முதுகுகளை வரிசையாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் எது வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். என்னுடையவை தமிழ் நூல்கள் என்பதால் தெரு வாசகசாலையில் படிக்க ஆளில்லை. காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை இருக்கிறது, வையாபுரிப் பிள்ளை வேலை பார்த்த துறை. அங்கே படிக்கும் பெண் ஒருத்தி எங்கள் தெருவில் தங்கியிருந்தாள். படத்தைப் பார்த்து ஐந்தைக் கேட்டாள், ஐந்தும் அவளிடம் போயின.

வாக்கரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். அம்மா கடைசி இரண்டு வருடம் பிடித்து நடந்தது. படுக்கையறை மூலையில் துணி உலர்த்தப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இந்த மாதிரிப் பொருள் பல வீட்டில் இருக்கிறது: வாக்கர், சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராமல் வைக்கிற காற்று மெத்தை, கமோடு நாற்காலி. வாங்கும்போது ஆயிரக்கணக்கில் ஆகும், தேவை சில மாதமோ சில வருடமோதான். கேரள அரசு 2008இல் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை கொண்டு வந்தது. அதிலிருந்து உள்ளாட்சி அமைப்புகள் வழியாக நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். தன்னார்வக் குழுக்களும் நிறைய. இந்த ஊரிலேயே டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா இருக்கிறது. இவர்களிடம் போகிற உபகரணம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு நோயாளி உபயோகித்துத் திருப்பிக் கொடுத்ததும் அடுத்தவருக்குப் போகிறது. என் நோட்டில் அது ஒரு எண்தான். வாக்கர் எத்தனை பேரைத் தாங்கப் போகிறது என்பது என் கணக்கில் வராது.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. வாக்கரின் நாலு காலிலும் ரப்பர் குப்பி உண்டு. இரண்டு தேய்ந்து உள்ளே குழாய் தெரிந்தது. ஈரத் தரையில் அப்படியே ஊன்றினால் வழுக்கும், வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். மருத்துவ உபகரணக் கடையில் நாலு புது ரப்பர் வாங்கி மாட்டினேன். உயரம் மாற்றுகிற பொத்தான் நாலும் ஒரே துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து வெயிலில் வைத்தேன். ஒன்பதாம் தேதி வார்டுக்கு வரும் நர்ஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பழுதோடு கொடுத்தால் பழுது பார்க்கும் செலவையும் சேர்த்துக் கொடுத்ததாகும். பழுது பார்க்க மனமில்லாத பொருள் நேராக ஆக்ரிக்குத்தான் போக வேண்டும்.

சேனைக்குப் போன நாலில் பூசணம் பிடித்த துணிகளின் மிச்சம் ஒரு மூட்டை. எந்தத் துணியைக் கொடுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் பார்வை எளிது: இதை உடுத்திக்கொண்டு நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போவேனா? மாட்டேன் என்றால் அதைக் கொடுப்பதில்லை. ஒரு இல்லத்துக்குப் பழைய துணி கொண்டு போனபோது, அங்கே ஒரு அறை முழுக்கக் கிழிந்த துணி மூட்டைகள் கிடந்தன. அதைப் பிரித்து அப்புறப்படுத்த ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம் என்று இல்லத்தை நடத்தும் அம்மா என்னிடம் வருத்தமாகச் சொன்னார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் கணக்கில் தானம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நாலாவது எண் என்னை மாற்றியது. ஓணம் வந்த செப்டம்பரில் 18 கொடுத்திருந்தேன், உள்ளே வந்தது 21. ஒரு சேலை, இரண்டு வேட்டி, கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த எவர்சில்வர் கிண்ணங்கள், ஜவுளிக்கடைத் துணிப்பைகள், ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று வந்த டப்பா. போனதை மட்டும் எழுதியிருந்தால் அந்த மாதத்தை நல்ல மாதம் என்று நினைத்திருப்பேன். சாப்பாட்டுச் சாமான், சோப்பு போன்று தீர்ந்து போகிறதை எழுதுவதில்லை. தங்குகிறதை மட்டும் எழுத வேண்டும், இலவசமாக வந்தாலும் எழுத வேண்டும். எழுதத் தொடங்கிய பிறகு துணிப்பை வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே வராத பொருளுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

"எப்போ நிறுத்தணும் அத்தை? ஒரு நாள் ஒண்ணும் மிஞ்சாதே?"

நல்ல கேள்வி. அதற்கும் நோட்டில் ஒரு அடையாளம் இருக்கிறது. கொடுத்த பொருளையே திரும்ப வாங்க நேர்ந்தால், பழைய வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன். போன மார்ச்சில் மூன்று குடையில் இரண்டைக் கொடுத்தேன். ஜூனில் ஒரே சமயம் இரண்டு பேர் வெளியே போக வேண்டி வந்தது, ஒரு குடை வாங்கினேன். அது ஒரு வட்டம். வருடத்துக்கு இரண்டு மூன்று வட்டம் என்றால் பாதகமில்லை. ஒரே மாதத்தில் இரண்டு வந்தால், பயனில்லாதது தீர்ந்துவிட்டது, தேவையானதில் கை வைக்கத் தொடங்கிவிட்டேன் என்று அர்த்தம். அப்போது நாளுக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்று ஆக்கிவிட வேண்டும். நான் இந்தச் சித்திரையிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். பருவம் பார்க்காமல் எடுப்பதும் தவறு. குடையை மழை முடிந்த பிறகு, நவம்பர் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும், வெயில் காலத்தில் எல்லாக் குடையும் வீணாகத்தான் தெரியும்.

இரண்டாவது டீயும் முடிந்திருந்தது. டம்ளரைக் கழுவ அடுக்களைக்குப் போனவள் மேல்தட்டில் இருந்த பித்தளைக் காபி ஃபில்டரைப் பார்த்துவிட்டாள். வீட்டில் டீக்கு மாறி நாலு வருடம் ஆகிறது, அதைத் தொடுவதே இல்லை. இந்த வாரம் எடுக்கலாம் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். "இதை எனக்குத் தருவீங்களா?" என்றாள். நான் கொடுக்கலாம் என்று நினைத்த பட்டியலில் அவள் இல்லை. சொந்தக்காரர்களுக்கு நானாகக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள் என்பதால் அவர்களாகக் கேட்டால் ஒழியக் கொடுப்பதில்லை. அவளே கேட்டுவிட்டாள்.

மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளைகளைப் பார்த்தோம். பாதி அடைத்திருந்தது. அடுப்பில் காட்டிச் சூடாக்கி, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, புளி போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது சொட்டுச் சொட்டாக இறங்கியது. திண்ணையில் வைத்து ஒரு படம் எடுத்தேன். தேதி எழுதி, "பேரூர்க்கடை" என்று எழுத பேனாவைத் திறந்தபோது அவள் தடுத்தாள்.

"இன்னும் பென்சில்லயே இருக்கட்டும் அத்தை. நான் வீட்டுக்குப் போயி, நாளைக்குக் காலைல டிகாஷன் இறங்கினதும் கூப்பிடுறேன். அப்புறம் எழுதுங்க."

மறுநாள் ஏழரை மணிக்கு போன் வந்தது. இறங்க இருபது நிமிடம் ஆகிறதாம், தூள் கொஞ்சம் நைசாகிவிட்டது என்றாள். அடுத்த தடவை கொஞ்சம் கரகரப்பாக அரைக்கச் சொல் என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தேன்.